மின்ஹாஜில் எது ஏற்ற கருத்து என்று அறிவது எப்படி?

கேள்வி: இமாம் நவவீயின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அழ்ஹர், அஸஹ், கீல என்று வருகின்றன; எதை மத்ஹபின் தீர்ப்பாகக் கொள்வது? தேடும் சட்டம் எந்த அத்தியாயத்தில் இருக்கும் என்பதும் பிடிபடவில்லை.

பதில்: முன்னுரையைத் தாண்டிவிட்டு நேரே தண்ணீர்ச் சட்டத்துக்குப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். திரும்பிப் போங்கள், இந்தச் சொற்களின் பொருளை நவவீ அங்கே தம் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார்.

ஒவ்வொரு சொல்லும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: கருத்து யாருடையது, எதிர்க்கருத்துக்கு எவ்வளவு வலு. அழ்ஹர், மஷ்ஹூர் என்றால் இமாம் ஷாஃபிஈயின் சொந்தக் கூற்றுகளுக்குள் தேர்ந்தது. அஸஹ், ஸஹீஹ் என்றால் அவருடைய வழிவந்த அறிஞர்களின் கருத்துகளுக்குள் தேர்ந்தது. அழ்ஹர், அஸஹ் என்று வந்தால் எதிர்க்கருத்தும் வலுவானது. மஷ்ஹூர், ஸஹீஹ் என்று வந்தால் எதிர்க்கருத்து பலவீனமானது. ‘ஜதீத்’ என்பது ஷாஃபிஈயின் புதிய கூற்று; பழையது அதற்கு மாறாக இருக்கும். ‘கீல’ (சொல்லப்பட்டது), ‘ஃபீ கவ்ல்’ (ஒரு கூற்றில்) என்று வந்தால் தேர்ந்த கருத்து அதற்கு எதிரானது.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். கடமையான சுத்தத்துக்குப் பயன்பட்ட தண்ணீர், “கீல: சுன்னத்தான சுத்தத்துக்குப் பயன்பட்டதும்”, ஜதீத் கூற்றின்படி சுத்தம் செய்யாது, அது சேர்ந்து இரண்டு குல்லத்தை எட்டினால், அஸஹ் கருத்தின்படி சுத்தம் செய்யும். நடுவில் நிற்கும் ‘கீல’ பலவீனமானது என்பதால், உளூவில் இரண்டாம், மூன்றாம் முறை கழுவிய தண்ணீர் மீண்டும் உளூவுக்கு உதவும். அந்தச் சிறுசொல்லைக் கவனிக்காதவர் தீர்ப்பைத் தலைகீழாக எடுத்துவிடுவார்.

இதைவிடப் பெரிய பொறி ‘குல்து’, அதாவது ‘நான் சொல்கிறேன்’. மின்ஹாஜ், இமாம் ராஃபிஈயின் ‘முஹர்ரர்’ நூலின் சுருக்கம். நவவீ தாமே சேர்ப்பதையும் திருத்துவதையும் ‘குல்து’ என்று தொடங்கி, ‘வல்லாஹு அஃலம்’ என்று முடிப்பார். கண்ணுக்குத் தெரியாத அளவு நஜீஸ் விழுந்தால் நீர்ப்பொருள் அசுத்தமாகாது என்பது முதலில் ‘ஃபீ கவ்ல்’ என்றே வருகிறது. அங்கே நிறுத்தினால் பலவீனம் என்று தள்ளிவிடுவீர்கள். அடுத்த சொற்களே, “நான் சொல்கிறேன்: இந்தக் கூற்றே அழ்ஹர்.” ஆகவே அடுத்து ‘குல்து’ வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் ‘வல்லாஹு அஃலம்’ வரும்வரை எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

வரிசை எளிது: வணக்கங்கள், கொடுக்கல் வாங்கல், திருமணம், பிறகு குற்றங்களும் நீதிமன்றமும். கிதாபுக்குள் பாப், அதற்குள் ஃபஸ்ல். வாரிசுரிமை திருமணத்துக்கு முன்னே வருகிறது. உள்ஹிய்யாவை ஹஜ்ஜில் தேடாதீர்கள். வேட்டை, அறுத்தல் ஆகியவற்றை அடுத்து, கடைசிப் பகுதியில் இருக்கிறது.

இன்னொன்று: நவவீயின் தேர்வைப் பிற்கால அறிஞர்கள் சில இடங்களில் ஆராய்ந்து கூர்மைப்படுத்தியிருக்கிறார்கள். எனவே ஃபத்வாவுக்காகப் பார்க்கும்போது, இப்னு ஹஜர் ஹைதமியின் ‘துஹ்ஃபா’விலும் ரம்லீயின் ‘நிஹாயா’விலும் அதே வரியின் விளக்கத்தை ஆசிரியருடன் சேர்ந்து வாசியுங்கள்.