சுவரில் தொங்கும் சான்றிதழ் எதற்கானது?

கேள்வி: எங்கள் ஊரில் உள்ள ஒரு ஃபைனான்ஸ் நிறுவனத்தில் ஓராண்டு வைப்புக்கு 13 சதவீத வட்டி தருவதாகச் சொல்கிறார்கள். ‘ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றது’ என்று பலகையில் எழுதி, சான்றிதழையும் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். கூடவே ஒரு காப்பீட்டுப் பாலிசியும் எடுக்கச் சொல்கிறார்கள். ஓய்வுப் பணத்தில் 4 லட்சம் போட நினைக்கிறேன். இந்த நிறுவனம் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது, உரிமம் இப்போதும் செல்லுமா என்று எப்படிப் பார்ப்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: சான்றிதழை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, பணம் கட்டினால் உங்களுக்கு எந்த ரசீதைத் தருவார்கள் என்று கேட்டு, அதன் மாதிரி ஒன்றை வாங்கிப் பாருங்கள். உங்கள் பணத்துக்குச் சட்டப்படி பொறுப்பேற்கப் போவது ரசீதில் பெயர் அச்சிடப்பட்டிருக்கும் அமைப்பு மட்டுமே. எந்த ஒழுங்குமுறை அமைப்பிடம் போவது என்பதை முடிவு செய்ய இரண்டு விவரங்கள் போதும்: ரசீதில் உள்ள முழுப் பெயர், அந்த ரசீது எதற்கானது என்று அதில் எழுதியிருக்கும் வாசகம்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒருவர் கொண்டுவந்த தாள்கள் நினைவுக்கு வருகின்றன. கடைப் பலகையில் ‘ஃபைனான்ஸ்’ என்று முடியும் ஒரு பெயர் இருந்தது. சுவரில் இருந்த ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் அதே தலைப்பெயரோடு ‘இன்வெஸ்ட்மெண்ட்ஸ் பிரைவேட் லிமிடெட்’ என்று முடிந்தது. அவர் கையில் இருந்த ரசீதோ ‘நிதி லிமிடெட்’ என்று முடிந்தது. மூன்றும் ஒரே குடும்பத்தாருடையவை என்பதால் மூன்றும் ஒன்றே என்று அவர் நினைத்திருந்தார். சட்டத்தின் கண்ணில் அவை மூன்று தனி நபர்கள். ஒருவருக்குக் கிடைத்த உரிமம் மற்றவருக்குப் பயன்படாது.

முதலில் பெயரைப் பிடிப்போம். இந்தியாவில் பதிவான எந்த நிறுவனமும் தன் கடிதத் தாளிலும் ரசீதுப் புத்தகத்திலும் CIN எனப்படும் 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண்ணை அச்சிட வேண்டும். அதன் நடுவில் மாநிலக் குறியான TN என்பதும், அதை அடுத்து நிறுவனம் பதிவான ஆண்டும் இருக்கும். ‘மூன்று தலைமுறைப் பாரம்பரியம்’ என்று விளம்பரப்படுத்தும் நிறுவனத்தின் எண்ணில் 2016 என்று இருந்தால் அங்கேயே உங்களுக்கு ஒரு கேள்வி பிறக்க வேண்டும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால் முழுப் பெயர், பதிவு அலுவலக முகவரி, இப்போதைய நிலை ஆகியவை கிடைக்கும். Active என்று இருப்பது நிறுவனம் உயிரோடிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். வைப்பு வாங்க அதற்கு உரிமை உண்டா என்பதை அது சொல்லாது.

CIN எண்ணே இல்லாத ரசீதாக இருந்தால், அது பெரும்பாலும் கூட்டாண்மை நிறுவனமாகவோ தனிநபர் நடத்தும் அடகுக் கடையாகவோ இருக்கும். நம் ஊர்களில் இத்தகையவர்கள் தாசில்தார் வழங்கிய அடகு அல்லது வட்டிக்கடை உரிமத்தைப் பெருமையாக மாட்டியிருப்பார்கள். அது கடன் கொடுப்பதற்கான உரிமம். கடன் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட தனிநபர்களும் கூட்டாண்மை நிறுவனங்களும் உறவினர் அல்லாதவர்களிடம் வைப்பு வாங்குவதை ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45எஸ் பிரிவு தடை செய்கிறது. அங்கே நீங்கள் வேறெதையும் சரிபார்க்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம்.

ரசீதில் இருக்கும் பெயரும் சான்றிதழில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் ரிசர்வ் வங்கிப் பக்கம் போக வேண்டும். நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வழங்கும் பதிவில் இரண்டு வகை உண்டு என்பதுதான் பெரும்பாலோருக்குத் தெரியாத செய்தி. ஒரு வகை பொதுமக்களிடம் வைப்பு வாங்கலாம். மற்றொரு வகை தன் சொந்தப் பணத்தையும் வங்கிகளிடம் வாங்கிய கடனையும் வைத்துக் கடன் கொடுக்கலாம், ஆனால் பொதுமக்களிடம் வைப்பு வாங்கக் கூடாது. பதிவு பெற்ற நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழின் ஆங்கில வாசகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். ‘without accepting public deposits’ என்ற நான்கு சொற்கள் அதில் இருந்தால், அந்தச் சான்றிதழே உங்களிடம் வைப்பு வாங்கக் கூடாது என்பதற்கான ஆதாரம். அதையே வைப்பு வாங்குவதற்கான அத்தாட்சியாக மாட்டி வைத்திருக்கும் துணிச்சலை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, உரிமம் இப்போதும் செல்லுமா என்ற உங்கள் கேள்வி. இந்தச் சான்றிதழில் காலாவதித் தேதி இருக்காது. ரத்து செய்யப்படும் வரை, அல்லது நிறுவனமே திருப்பி ஒப்படைக்கும் வரை அது செல்லும். ரத்தான பிறகும் சுவரில் இருக்கும் தாள் பழையபடியே பளபளக்கும் என்பதால், சான்றிதழின் நகலை எத்தனை முறை பார்த்தாலும் இன்றைய நிலை தெரியாது. rbi.org.in தளத்தில் வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கான பகுதியில், நடப்பில் பதிவுள்ளவை, வைப்பு வாங்க அனுமதி பெற்றவை, பதிவு ரத்தானவை என்று தனித்தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. மூன்றையுமே பார்க்க வேண்டும். முதல் பட்டியலில் பெயரைக் கண்டதும் நிம்மதியாகி நின்றுவிடுவதுதான் வழக்கமான தவறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாம் பட்டியல். பெயர்களில் ‘ஸ்ரீ’, ‘நியூ’, ‘கேபிடல்’ போன்ற சொற்கள் கூடியும் குறைந்தும் வருவதால், பதிவு அலுவலக முகவரியும் அமைச்சகத் தளத்தில் கண்ட முகவரியும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே அதே நிறுவனம் என்று கொள்ளுங்கள். பெயர் மாறிய நிறுவனமானால் பழைய பெயரிலும் தேடுங்கள்.

இவ்வளவு தேடுவதற்கு முன்பே உங்கள் கடிதத்தில் ஒரு விடை இருக்கிறது. வைப்பு வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனமும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. வைப்புக் காலம் 12 மாதத்துக்குக் குறையவோ 60 மாதத்தை மீறவோ கூடாது. உங்களுக்குச் சொல்லப்பட்ட 13 சதவீதம் அந்த உச்சவரம்பைத் தாண்டியது. ஆகவே ஒன்று அவர்கள் விதியை மீறுகிறார்கள், அல்லது வாங்குவதை ‘வைப்பு’ என்று வாயால் சொல்லிவிட்டு ரசீதில் வேறு பெயர் எழுதுகிறார்கள்.

இரண்டாவது நடப்பதுதான் அதிகம். ரசீதில் ‘என்.சி.டி.’ என்றோ ‘டிபெஞ்சர்’ என்றோ இருந்தால் அது பங்காக மாற்ற இயலாத கடன் பத்திரம். சொத்தை முழுப் பிணையாக வைத்து வெளியிடும் கடன் பத்திரம் வைப்பு என்ற வரையறைக்குள் வராது என்பதால், வைப்பு வாங்க அனுமதி இல்லாத நிறுவனமும் அதைச் சட்டப்படி வெளியிடலாம், 12.5 சதவீத வரம்பும் அதற்குப் பொருந்தாது. ஆனால் அதற்கு வேறு கட்டுப்பாடு உண்டு. தனிப்பட்ட முறையில் விற்பதானால் ஒரு நிதியாண்டில் பொதுவாக 200 பேருக்கு மேல் விற்கக் கூடாது. முன்பே அடையாளம் கண்ட நபர்களுக்குப் பெயரிட்ட விண்ணப்பம் தர வேண்டும். பலகை வைத்து, வருவோர் போவோர் எல்லோருக்கும் விற்பதானால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி வெளியீட்டு ஆவணம் வேண்டும். எந்தச் சொத்து பிணை என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிணை பதிவாகியிருந்தால் mca.gov.in தளத்தில் Index of Charges என்ற பகுதியில் தெரியும். அங்கே வங்கிகளின் பிணை மட்டும் இருந்து, கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கான பதிவு இல்லையென்றால், ‘பிணையுள்ளது’ என்ற பேச்சு தாளில் நிற்கவில்லை என்று பொருள்.

ரசீது ‘நிதி லிமிடெட்’ பெயரில் இருந்தால் ரிசர்வ் வங்கிச் சான்றிதழுக்கு அங்கே வேலையே இல்லை. நிதிகள் கம்பெனிகள் சட்டம் 2013-இன் 406-ஆம் பிரிவின் கீழ் கம்பெனி விவகார அமைச்சகத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. தமிழ்நாட்டில் நூறாண்டு கடந்த நல்ல நிதிகள் உண்டு. மயிலாப்பூரில் 1872-இல் தொடங்கியது ஒன்று இன்றும் நடக்கிறது. ஆனால் பெயரில் ‘நிதி’ இருப்பதால் மட்டும் ஒரு நிறுவனம் நிதி ஆகிவிடாது. மத்திய அரசு அதை நிதி என்று அறிவிக்க வேண்டும். அதற்கு NDH-4 என்ற படிவத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அனுமதி பெறாமலே செயல்படும் நிதிகள் குறித்து அமைச்சகம் 2021-இல் பொது எச்சரிக்கை விடுத்தது. எனவே அரசிதழ் அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். நிதி தன் பங்குதாரரிடம் மட்டுமே வைப்பு வாங்கலாம். வைப்பு கேட்டுப் பொது விளம்பரம் செய்யவோ, ஆள் சேர்ப்பவருக்குக் கமிஷன் தரவோ கூடாது. நான் மேலே சொன்னவருக்கு ரசீது கொடுத்த நிறுவனம் அறிவிப்பு நகலைக் காட்டவே இல்லை. இரண்டு முறை தேதி சொல்லித் தள்ளிய பிறகு அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு, தவணைகளில் ஒருவழியாக வாங்கினார்.

காப்பீட்டு விஷயம் எளிது. அதற்கு அதிகாரி ஐதராபாத்தில் தலைமையகம் கொண்ட காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். irdai.gov.in தளத்தில் ஆயுள், பொது, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியல் உண்டு. ஒவ்வொரு பாலிசித் திட்டத்துக்கும் UIN என்ற தனி எண் இருக்கும். அது ஆவணத்தில் இல்லாவிட்டால் அது காப்பீடே அன்று. உங்கள் ஃபைனான்ஸ் நிறுவனம் பாலிசியை விற்க அதே ஆணையத்தில் முகவராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். எப்படியானாலும் பிரீமியத்தைக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் மட்டும் செலுத்துங்கள். வைப்புக்கு நிபந்தனையாகப் பாலிசியைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்றால் அதையும் ஆணையத்துக்கு எழுதலாம். அந்தப் பாலிசி உங்கள் 4 லட்சத்துக்குக் காப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்ச ரூபாய் வரையிலான காப்பீடு நிதி நிறுவன வைப்புகளுக்குக் கிடையாது.

இத்தனை தளங்களில் தேடச் சிரமமாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்திலிருந்து தொடங்கலாம். எந்த நிறுவனம் எந்த ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வைப்பு வாங்க அனுமதி பெற்றது என்று அங்கே தேடலாம். அனுமதியில்லாமல் வாங்குவதைப் பற்றிப் புகாரும் பதியலாம். கூட்டுறவுச் சங்கம், சீட்டு நிறுவனம் போன்றவை வேறு அதிகாரிகளிடம் போகும். சீட்டுக்கு நம் பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரே அதிகாரி.

உங்கள் நிலையில் நான் செய்யக்கூடியது இது: நாளை அந்த அலுவலகத்துக்குப் போய், 13 சதவீதத்துக்கு எந்தப் பெயரில் ரசீது தருவீர்கள், அது வைப்பா கடன் பத்திரமா என்று இரண்டு வரி எழுத்தில் கேட்பேன். எழுதித் தர மறுத்தால் பணத்தை வெளியே எடுக்க மாட்டேன். எழுதித் தந்த தாளில் ‘வைப்பு’ என்று இருந்து, பெயர் ரிசர்வ் வங்கியின் இரண்டாம் பட்டியலில் இல்லாவிட்டால், அந்தத் தாளின் நகலை இணைத்துச் சசேத் தளத்தில் புகார் பதிவேன். முன்பே பணம் போட்டுத் திரும்பக் கிடைக்காத அண்டை வீட்டார் யாரேனும் இருந்தால், அவர்களைப் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு அனுப்புங்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்க வழி உண்டு. அதற்கு அவர்கள் மூல ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். புதுப்பிக்கிறோம் என்று சொல்லி நிறுவனத்தார் கேட்டாலும் நகலை மட்டுமே கொடுக்கச் சொல்லுங்கள்.