காரைக்குடி ஷோரூமுக்குப் போன நோட்டீஸ் சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததாகுமா?

"வக்கீல் ஐயா, ஆத்தங்குடியில் எங்களுக்குக் கல் பட்டறை இருக்கிறது. எங்கள் கல்லை அவர்களுக்கு மட்டும் கொடுப்பதாக ஒரு சென்னை கம்பெனியோடு 1.4.2023 முதல் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம். முடிவதற்கு 60 நாள் முன்பே வேண்டாம் என்று நோட்டீஸ் கொடுக்காவிட்டால் தானாக இன்னும் இரண்டு வருடம் நீளும். நோட்டீஸை முதல் பக்கத்தில் உள்ள சென்னை முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், அனுப்பிய மூன்றாவது வேலை நாளில் கிடைத்ததாகக் கருதப்படும் என்று இருக்கிறது. வரவு செலவு எல்லாம் காரைக்குடி ஷோரூமோடுதான் என்பதால் 19.1.2026 அன்று அங்கே அனுப்பினேன். கடையை மூடிவிட்டார்களாம், 'லெஃப்ட்' என்று எழுதித் திரும்பி வந்தது. 28-ம் தேதி நோட்டீஸை போட்டோ எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். 'பார்த்தேன், ஹெட் ஆபீஸில் சொல்கிறேன்' என்றார். இப்போது ஒப்பந்தம் நீண்டுவிட்டது, பழைய விலைக்கே கல் வேண்டும் என்கிறார்கள். திரும்பி வந்தாலும் சேர்ந்த கணக்குதானே?"

இல்லை, தபாலைப் பொறுத்தவரை சேர்ந்த கணக்கு ஆகாது. ஆனால் உங்கள் வழக்கு தபாலோடு முடியவில்லை, அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்களுக்கு இப்போது உயிர்.

'திரும்பினாலும் சேர்ந்ததுதான்' என்பது ஊரெல்லாம் சொல்லும் பேச்சு, அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. சட்டம் அனுப்பியவனுக்குச் சாதகமாக ஓர் ஊகத்தைக் கொடுக்கிறது: சரியான முகவரி எழுதி, தபால் கட்டணம் கட்டி, பதிவு செய்து அனுப்பினால், வழக்கமாகத் தபால் போய்ச் சேரும் நாளில் அது சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 1897-ம் வருடத்துப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27-ம் பிரிவு, சட்டப்படி தபாலில் அனுப்ப வேண்டிய நோட்டீஸ்களுக்கு இதைத்தான் சொல்கிறது. மற்ற கடிதங்களுக்கு இதே மாதிரி ஊகம் சாட்சியச் சட்டத்தில் உண்டு, முன்பு 114-ம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 119. இரண்டுக்கும் அடித்தளம் சரியான முகவரிதான், அது தவறினால் ஊகமே பிறக்காது. உங்கள் ஒப்பந்தத்தின் 'மூன்றாவது வேலை நாள்' விதியும் அப்படித்தான், முதல் பக்க முகவரிக்கு அனுப்பிய கடிதத்துக்குத்தான் அது பேசும்.

கவர் மேல் தபால்காரர் எழுதும் குறிப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சென்னை முகவரிக்குப் போய் 'வாங்க மறுத்தார்' என்று திரும்பியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். வாங்க மறுத்தவருக்கு நோட்டீஸ் சேர்ந்ததாகவும், அதில் இருந்தது தெரிந்ததாகவுமே கொள்ளலாம் என்று 1981-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே சென்னை முகவரியில் 'லெஃப்ட்' என்று வந்திருந்தாலும், முகவரி மாறியதை உங்களுக்கு எழுதித் தெரிவிக்காதது அவர்கள் குற்றம், விதி உங்களைக் காப்பாற்றும். மூடிக்கிடக்கும் காரைக்குடிக் கடையில் 'லெஃப்ட்' என்பதோ அங்கே ஆள் இல்லை என்பதற்கு உங்கள் கையாலேயே நீங்கள் வைத்திருக்கும் சாட்சி.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருவோம். முதலில் தேதி. ஒப்பந்தம் 31.3.2026-ல் முடிகிறது. இடையில் முழுதாக 60 நாள் வேண்டுமென்றால் ஜனவரியில் 31-ம் தேதி ஒரு நாள், பிப்ரவரியில் 28 நாள், மார்ச்சில் 31 நாள், ஆக மொத்தம் 60. அதனால் ஜனவரி 30-ம் தேதிக்குள் அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும், நீங்கள் 28-ல் அனுப்பி அன்றே மேனேஜர் பார்த்துவிட்டார், கெடு தப்பவில்லை. (26 விடுமுறை போக 27-ம் தேதி சென்னைக்குத் தபால் போட்டிருந்தால்கூட மூன்றாவது வேலை நாள் 30, ஒப்பந்தப்படியே சரியாக இருந்திருக்கும். அந்த ஒரு நாள் கை நழுவியதுதான் எனக்கு வருத்தம்.)

அடுத்து, மேனேஜருக்குச் சொன்னது கம்பெனிக்குச் சொன்னது ஆகுமா? ஒப்பந்தச் சட்டம் 229-ம் பிரிவு இங்கே உதவும். முதலாளிக்காக ஏஜெண்ட் நடத்தும் வியாபாரத்தின் போக்கில் அவருக்குக் கொடுத்த நோட்டீஸ், முதலாளிக்கே கொடுத்ததற்குச் சமம். ஆகவே அந்த மேனேஜர் யார் என்பதுதான் கேள்வி. ஆர்டர் போட்டது, விலை பேசியது, உடைசல் கழித்துக் கணக்கு முடித்தது எல்லாம் அவர்தான் என்றால் அந்த மெசேஜ்கள், பில்கள், ஆர்டர் தாள்களை இன்றே எடுத்து வையுங்கள். வெறும் கடை பார்த்துக்கொண்டவர் என்றால் இந்த வாதம் மெலிந்துவிடும். 'ஹெட் ஆபீஸில் சொல்கிறேன்' என்று அவர் எழுதியது நல்ல வரி, நோட்டீஸ் எதற்கு என்று புரிந்துகொண்டு வாங்கியிருக்கிறார் என்று காட்டுகிறது. அந்தப் போட்டோவில் நோட்டீஸ் முழுதும், உங்கள் கையெழுத்தோடு, படிக்கிற மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதிர்த்தரப்பு சொல்லப்போவது ஒன்றுதான்: 'பதிவுத் தபால் என்று எழுதியிருக்கிறது, வாட்ஸ்அப் செல்லாது.' 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின்னணுச் செய்தியும் எழுத்துதான், ஆனால் ஒப்பந்தம் கேட்ட வழி வேறு. இங்கே அந்த விதியை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டும். 'பதிவுத் தபாலில் மட்டுமே', 'வேறு வழியில் அனுப்பினால் செல்லாது' என்று இருந்தால் உங்களுக்குக் கஷ்டம். அப்படி இல்லாவிட்டால், நோட்டீஸின் நோக்கம் தெரிவிப்பது, கெடுவுக்குள் உண்மையில் தெரிந்துவிட்டது என்ற வாதத்துக்கு நல்ல இடம் இருக்கிறது. ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அதே போல், ஏப்ரலுக்குப் பிறகு அவர்கள் புது ஒப்பந்தம் பேசியிருந்தால், பாக்கிக் கணக்கு முடிக்கக் கேட்டிருந்தால், முடிந்துவிட்டதாக அவர்களும் நினைத்தார்கள் என்று காட்டலாம்.

இப்போது செய்ய வேண்டியது. பழைய விலைக்கு ஒரு கல்கூட சும்மா அனுப்பாதீர்கள், அனுப்பினால் நீட்டிப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அதே சமயம் வேறு ஆளுக்கு விற்கத் தொடங்கிவிடவும் வேண்டாம், நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்பார்கள், தோற்றால் அவர்கள் நிரூபிக்கும் நஷ்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள்: 28.1.2026 நோட்டீஸால் ஒப்பந்தம் 31.3.2026-ல் முடிந்தது, அது ஏற்கப்படாவிட்டால், உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், இதையே முடிப்பு நோட்டீஸாகக் கொள்க என்று. பின்னதற்கு, இடையில் விலகும் விதி ஏதாவது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அது இருந்தால் எத்தனை நாள் அவகாசம் என்று முதலில் பாருங்கள்.

இந்த முறை முகவரியில் தவறு வேண்டாம். முதல் பக்கத்தில் உள்ளபடியே கதவு எண், பின்கோடு வரை எழுதுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அவர்களுடைய பதிவு அலுவலக முகவரியைத் தேடி, வேறாக இருந்தால் அங்கேயும் ஒன்று அனுப்புங்கள், அவர்கள் மெயிலுக்கும் ஒரு நகல். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டதால், கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் போடும்போது பதிவுச் சேவையும் டெலிவரிக்கு அத்தாட்சியும் சேர்த்துக் கேளுங்கள். ரசீது, ஒட்டிய கவரின் போட்டோ, சேர்ந்த விவரம் காட்டும் டிராக்கிங் தாள் மூன்றையும் அன்றன்றே எடுத்து வையுங்கள், டிராக்கிங் விவரம் ரொம்ப நாள் இணையத்தில் இருக்காது.

அப்புறம், திரும்பி வந்த அந்தக் கவரைப் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் உள்ளே வேறு காகிதம் இருந்தது என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைக்கும். போனையும் மாற்ற வேண்டாம், மேனேஜரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கவும் வேண்டாம். அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, மின்னணுச் சாட்சியத்துக்கான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும், அதற்கு அந்தப் போன் வேண்டும்.