கையால வரைஞ்ச டைல்ஸ் மூலையில ஏன் ஒட்டல?

"கொழிஞ்சாம்பாறை பக்கத்து வயல்வெளிய வரைஞ்சு ஒரு கேம் பண்றேன், 16 டைல் ஆட்டோடைலிங் போட்டும் வாய்க்கா திரும்புற எடத்துல புல்லு மூலை மட்டும் வெட்டுன மாதிரி நிக்குது, ஏன்?"

16 டைல் விதி நாலு பக்கத்த மட்டும் தாங்க பாக்கும், குறுக்க இருக்குற கட்டம் அதுக்கு தெரியவே தெரியாது. அதனால நாலு பக்கமும் புல்லு இருந்து மேல்-வலது குறுக்குல மட்டும் தண்ணி இருந்தா, உள்மூலை கரைக்கு பதிலா முழு புல்லு டைல வச்சிடும்.

எட்டு பக்கமும் பாக்க வைங்க. மேல 1, அங்கிருந்து கடிகார சுத்துல 2, 4, 8ன்னு 128 வரைக்கும், எங்கெல்லாம் புல்லு இருக்கோ அந்த நம்பர கூட்டணும். இப்படியே விட்டா 256 டைல் வரையணும், யாரால முடியும்! அதுக்கு தான் இந்த வரி, இதுல n மேல, e வலது, ne மேல்-வலது மூலை, மத்த மூணு மூலைக்கும் இதே மாதிரி:

```
if not (n and e): ne = 0
```

ஒட்டுன ரெண்டு பக்கமும் புல்லா இருந்தா தான் மூலை கணக்குல வரும், அப்போ 47 டைல் போதும். உங்க உள்மூலை 255-2 = 253. மேல தண்ணி, மத்தது எல்லாம் புல்லுன்னா, மேல் மூலைங்க எதுவா இருந்தாலும் 124 தான். இந்த வரிய விட்டீங்கன்னா சில எடத்துல 126 மாதிரி டைலே இல்லாத நம்பர் வந்து கட்டம் காலியா தெரியும், அத வச்சே கண்டுபிடிச்சிடலாம்.

Godot 4ல இதுக்கு `Match Corners and Sides` மோட். சொந்தமா எழுதுனா, ஒரு கட்டத்த மாத்துனதும் சுத்தி இருக்குற எட்டையும் திரும்ப கணக்கு போடணும், மேப்புக்கு வெளிய இருக்குறத புல்லுன்னே வச்சுக்குங்க, இல்லன்னா ஓரம் பூரா கரை வந்துடும்.

நம்பர் சரியா வந்தும் கோடு தெரிஞ்சா அது விதியோட தப்பில்ல, பிரஷ் ஓரத்துல ரெண்டு டைலும் ஒரே பிக்சல்ல சேரல.