பதினான்கு பதிவுகள், ஒரு கட்டுரை

“எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி 1 முதல் 14 வரை இலக்கமிட்டுச் சிறு பதிவுகள் எழுதினேன். பாடசாலை மலருக்கு அதையே ஒரு கட்டுரையாகக் கேட்கிறார்கள். இலக்கங்களை எடுத்துவிட்டு அடுக்கினால் துண்டு துண்டாக நிற்கிறது. சொன்னதே திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?” – வாசகர், கிளிநொச்சி

தம்பி, நீங்கள் அனுப்பிய பதினான்கையும் வாசித்தேன். இடையில் வந்து சேர்பவருக்கும் விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு பதிவையும் “நேற்றுச் சொன்னேனே” என்று தொடங்கி, “நாளை சொல்கிறேன்” என்று முடித்திருக்கிறீர்கள். கட்டுரை வாசிப்பவர் முதல் வரியிலிருந்தே கூட வருகிறார். ஆகவே முதலில் இந்தத் தலையையும் வாலையும் வெட்டுங்கள். கூறியது கூறலில் பாதி அதோடு போய்விடும்.

பிறகு ஒவ்வொரு பதிவும் சொல்வதை ஒரு வரியில் துண்டுத்தாளில் எழுதி, மேசையில் பரப்புங்கள். 4ம் 9ம் வான் பாய்வதைப் பற்றியவை என்று அப்போது தெரியும். ஒன்றை அப்படியே வீசிவிட வேண்டாம். 9இல் மட்டும் துருசு வருகிறது.

4: “குளம் நிரம்பினால் வான் பாயும். கட்டு தப்பும்.”

9: “வான் பற்றி முன்பே சொன்னேன். மேலதிக நீர் வான் வழியே போகும். வயலுக்குத் துருசைத் திறக்க வேண்டும்.”

இரண்டும் சேர்ந்தால் இப்படி வரும்: “குளம் நிரம்பியதும் மேலதிக நீர் வான் வழியே வெளியேற, கட்டு தப்புகிறது. வயலுக்கு வேண்டிய நீரோ துருசு வழியாக வாய்க்காலில் இறங்குகிறது.” முதல் வாக்கியத்தின் ‘நீர்’ அடுத்ததன் தொடக்கத்தில் நிற்கிறது. அந்தாதிக்காரர்களின் பழைய உத்திக்குக் கிட்ட வருவதுதான். பத்தியிலிருந்து பத்திக்குப் போகவும் இது போதும்.

ஆனால் எந்தத் துண்டுக்குப் பின் எது? நினைவு வந்த ஒழுங்கில் எழுதியதால் துருசுக்குப் பின் அலைகரை வருகிறது. நீர் போகும் வழியிலேயே கட்டுரையையும் விடுங்கள்: அலைகரை, கட்டு, வான், துருசு, வாய்க்கால், வயல். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூடிப் பேசிய கதை வயலோடு தானாக வந்து சேரும். இந்த ஒழுங்கு இல்லாமல் ‘மேலும்’, ‘எனவே’ என்று ஒட்டினால் பசை தெரியும். சந்தேகமாக இருந்தால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு வாசியுங்கள். தொடர்பு அறாவிட்டால் அது வேண்டாத சொல். அறுந்தால் பெரும்பாலும் பத்திதான் இடம் மாறி நிற்கிறது. இலக்கம் போனபின் “மேலே 5இல் சொன்னபடி” போன்றவை அநாதையாகக் கிடக்கும்; அவற்றையும் தேடி எடுங்கள்.

ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். 3இல் குளத்தின் கீழ் 40 ஏக்கர் என்கிறீர்கள், 11இல் 60 ஏக்கர். திரும்பச் சொன்னதாக எண்ணி ஒன்றை அழித்தால் பிழை நிலைத்துவிடும். ஒருவேளை ஒன்று காலபோகம், மற்றது சிறுபோகம். அம்மப்பாவிடம் கேட்டு வாருங்கள். போனால், 12இல் வரும் முதலைக் கதை நடந்தது அலைகரையிலா வாய்க்காலிலா என்றும் கேளுங்கள்; அதை எங்கே வைப்பது என்று எனக்கும் பிடிபடவில்லை.