சிட்னியில் வாடகை வீடு: குடும்பத்தை அறிமுகப்படுத்தும் கடிதம்

கேள்வி: சிட்னிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். விண்ணப்பித்த வீடெல்லாம் வேறு ஆட்களுக்கே போகிறது. விண்ணப்பத்தோடு கடிதம் வைக்கச் சொல்கிறார்கள். அதில் என்ன எழுத வேண்டும்?

பதில்: கடிதத்தை முதலில் படிப்பவர் ஏஜென்சியின் ப்ராப்பர்ட்டி மேனேஜர். வந்த விண்ணப்பங்களில் சிலவற்றைத்தான் அவர் ஓனரிடம் கொண்டுபோவார். எனவே ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். எந்த வீடு, என்றைக்குப் பார்த்தீர்கள், எந்தத் தேதியில் குடிவரலாம், எத்தனை மாத லீஸ் வேண்டும் என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே வரட்டும்.

அடுத்தது வாடகைக் கணக்கு. வாரம் 650 டாலர் என்றால் ஆண்டுக்கு 33,800. வரிக்கு முந்தைய குடும்ப வருமானம் 1,15,000 என்றால் வாடகை அதில் 29 சதவீதம். முப்பதைத் தாண்டினால் பல ஏஜென்ட்டுகள் யோசிப்பார்கள், அதனால் இந்தக் கணக்கை நீங்களே எழுதிவிடுங்கள். இங்கே அட்வான்ஸாகக் கட்டும் நான்கு வார பாண்டும் இரண்டு வார முன்வாடகையுமாக 3,900 டாலர் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து, பேங்க் ஸ்டேட்மென்ட்டை இணையுங்கள்.

உங்கள் விண்ணப்பம் பின்தங்குவது பெரும்பாலும் உள்ளூர் வாடகை வரலாறு இல்லாததால்தான். ஊரில் குடியிருந்த வீட்டின் ஓனரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். எத்தனை ஆண்டு இருந்தீர்கள், வாடகை நாள் தவறியதா, அட்வான்ஸ் முழுதாகத் திரும்பியதா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். சென்னையில் பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. விளக்கமில்லாமல் அது கடிதத்தில் வந்தால், வீட்டைச் சேதப்படுத்தியதற்குப் பிடித்த பணம் என்றே இங்கே படிப்பார்கள். அது அங்குள்ள வழக்கம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவருடைய மின்னஞ்சலையும் கட்டாயம் கொடுங்கள். சிட்னியின் கோடையில் இங்கே காலை 9 மணி என்றால் சென்னையில் அதிகாலை 3.30, போன் நம்பர் மட்டும் இருந்தால் யாரும் பேச முடியாது.

பிள்ளைகளைப் பற்றி வயதும் பள்ளியும் போதும். சத்தம் போடமாட்டார்கள் என்ற உறுதிமொழியைச் சரிபார்க்க வழியில்லை, அதற்கு எடையும் இல்லை. குடும்பப் படம், மதம், ஊர்ப்பெருமை எதுவும் வேண்டாம். விசா முடியும் தேதி லீஸ் காலத்தைத் தாண்டியிருந்தால் அதை எழுதுங்கள், ஓனருக்கு அது நிம்மதி.

கூடுதல் வாடகை தருகிறேன் என்று எழுதாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் அப்படிக் கேட்க ஏஜென்ட்டுகளுக்கு 2022 டிசம்பர் முதல் தடை இருக்கிறது. நீங்களாக ஏற்றிச் சொன்னால் உங்கள் 29 சதவீதக் கணக்கும் கெடும்.

அனுப்புமுன் கடிதத்தையும் விண்ணப்பப் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிவத்தில் கைக்கு வரும் சம்பளமும் கடிதத்தில் வரிக்கு முந்தைய சம்பளமும் இருந்தால் பொய்க்கணக்கு போலத் தெரியும். போன வீட்டின் முகவரி அப்படியே தங்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. முதல் பத்தியைத் தவிர மற்றதையெல்லாம் முந்தின நாளே முடித்து வைத்தால், வீட்டைப் பார்த்த அன்றே அனுப்பிவிடலாம்.