சேரின் பெயருக்கு ஒரு பக்கம்

"அண்ணா, என்ர முதலாவது சிறுகதைத் தொகுப்பு அடுத்த மாதம் அச்சுக்குப் போகுது. உயர்தரம் வரைக்கும் எனக்குத் தமிழ் படிப்பித்த சேர் மூன்று வருசத்துக்கு முதல் காலமாகிட்டார். அவருக்குச் சமர்ப்பணமாக எழுதின பக்கத்தை இதோட அனுப்புறன். சிநேகிதி நீளம் என்கிறாள். சேரின் படம் போடலாமா? அப்பா அம்மா பெயரையும் சேர்க்க வேணுமா? சேரின் வீட்டாரிடம் கேட்க வேணுமா?"
- வாசகி, களுவாஞ்சிகுடி

சிநேகிதி சொல்வது சரிதான், ஆனால் சுருக்குவது என்றால் சொற்களை வெட்டுவது மட்டுமல்ல. நீங்கள் அனுப்பிய பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். "எழுத்தறிவித்த இறைவனாய், என் அறிவுக்கண்ணைத் திறந்த ஒளிவிளக்காய், ஏணியாய், தோணியாய்" என்று முதல் பத்து வரியும் போகிறது. அந்தப் பத்து வரியில் சேரின் பெயரை எடுத்துவிட்டு அக்கரைப்பற்றிலோ வாழைச்சேனையிலோ படிப்பித்த வேறு ஒருவரின் பெயரைப் போட்டாலும் ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லை. சமர்ப்பணத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெயரை மாற்றினாலும் வரி அப்படியே பொருந்துகிறது என்றால் அந்த வரி உங்கள் சேருக்கு எழுதியதல்ல.

அப்புறம் பதினோராவது வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், நடுவில் ஒளிந்து கிடக்கிறது. பத்தாம் வகுப்பில் வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது நீங்கள் வானொலிச் செய்தி மாதிரி எழுதிக் கொடுத்தீர்கள், சேர் அதைத் திருத்தாமல் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் "இது நீ கண்டதா, கேட்டதா?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். நீங்கள் இரவிரவாக இருந்து, வளவுக்குள் தண்ணீர் வந்தபோது அம்மம்மா நெல் மூட்டையைக் கட்டிலில் ஏற்றியதை எழுதினீர்கள். இதைத்தான் பக்கத்துக்குக் கொண்டு வர வேண்டும், அதுவும் முழுக் கதையை அல்ல. அந்தக் கேள்வி போதும்:

"இது நீ கண்டதா, கேட்டதா?"
என்று என் கொப்பியின் ஓரத்தில் எழுதிய
தமிழ் சேர்
அமரர் ................ அவர்களின்
நினைவுக்கு

ஐந்து வரி. வெள்ளம், அம்மம்மா, நெல் மூட்டை எல்லாம் என்னுரைக்குப் போகட்டும், அங்கே இரண்டு பக்கம் எழுதினாலும் யாரும் நீளம் என்று சொல்லமாட்டார்கள். சமர்ப்பணத்தில் கேள்வியைக் கண்ட வாசகர் என்னுரைக்கு வரும்போது கதையைத் தேடி வாசிப்பார், அதனால் இரண்டு இடத்திலும் ஒன்றையே சொல்லிவிடாதீர்கள்.

இந்த ஐந்து வரியிலும் சில சொற்களை நான் யோசித்துத்தான் போட்டேன். "ஆசிரியருக்கு" என்று முடித்தால் உயிரோடு இருப்பவருக்குக் கொடுப்பது போல இருக்கும், அதனால் "நினைவுக்கு". "சேர்" என்பதை "ஆசான்" என்று மாற்றச் சொல்லி யாராவது சொல்வார்கள், கேட்க வேண்டாம், நீங்கள் அவரை ஒரு நாளும் ஆசான் என்று கூப்பிட்டிருக்கமாட்டீர்கள். "அமரர்" நம்மிடம் வழக்கமான சொல். சேர் முஸ்லிமாக இருந்திருந்தால் "மர்ஹூம்" என்றும், பெண் ஆசிரியையானால் "மர்ஹூமா" என்றும் வரவேண்டும். காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்து ஆசிரியர்களிடம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் புத்தகத்தில் இதைத் தவறவிடுவதைக் கண்டிருக்கிறேன், வீட்டாருக்கு அது உறுத்தும். மேலே "சமர்ப்பணம்" என்று தலைப்புப் போடுவது உங்கள் விருப்பம், "நினைவுக்கு" என்று முடிவதால் தலைப்பு இல்லாமலும் விளங்கும். நான் என்றால் விட்டுவிடுவேன்.

அப்பா அம்மா விசயம். அவர்களை இந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்று பெயர் வந்தால் சேர் மூன்றில் ஒருவர் ஆகிவிடுவார், அந்தக் கேள்வியும் அந்தரத்தில் நிற்கும். பழைய முறையும் உங்களுக்குத் துணை நிற்கிறது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் சொல்லத் தகுந்தவர்கள் யார் யார் என்று நன்னூல் வரிசைப்படுத்தும்போது நூலாசிரியரின் ஆசிரியரைத்தான் முதலில் வைக்கிறது, கூடப் படித்தவரும் மாணாக்கரும் உரைகாரரும் அவருக்குப் பிறகுதான். உங்கள் சேர் இருந்திருந்தால் அணிந்துரை அவரிடம்தான் கேட்டிருப்பீர்கள். அவர் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயர் தனியாக இருக்கட்டும். அப்பா அம்மாவுக்கு என்னுரையின் கடைசிப் பந்தியைக் கொடுங்கள், புத்தகம் வருமுன்பே அதை அவர்களிடம் வாசித்தும் காட்டுங்கள்.

இனிப் பெயர். நீங்கள் "எஸ்." என்று முதலெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்து நேரசூசியில் ஆங்கிலத்தில் அப்படி இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு எழுத்து தமிழில் ச., சி., சு., செ. எதுவாகவும் இருக்கலாம், அவருடைய அப்பாவின் பெயர் தெரியாமல் ஊகிக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் நான் செப்பம் பார்த்த ஒரு கவிதை நூலில் இந்தப் பிழையை நானே தவறவிட்டேன். "சி." என்று வரவேண்டியது "ச." என்று வந்துவிட்டது, வெளியீட்டுக்கு முந்தின இரவு 300 பிரதியிலும் சின்னத் துண்டு ஒட்டினோம். விரலால் தடவினால் இன்றைக்கும் அந்தத் துண்டின் விளிம்பு தட்டுப்படும். ஆகவே சேர் தமிழில் எப்படிக் கையெழுத்து வைத்தார் என்று பழைய தேர்ச்சி அறிக்கையில் பாருங்கள், வீட்டில் அடித்த 31ஆம் நாள் நினைவு மலர் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். திருமணமான ஆசிரியை என்றால் இன்னும் கவனம் வேண்டும், அப்பாவின் எழுத்தா கணவரின் எழுத்தா என்று அவரே மாற்றி மாற்றி எழுதியிருப்பார். பட்டங்களை அடுக்க வேண்டாம். ஊரில் எல்லோரும் "பண்டிதர்" என்றே அழைத்தவர் என்றால் அதைப் போடுங்கள், பெயரோடு ஒட்டிய சொல் அது.

படம் போட வேண்டாம் என்பது என் எண்ணம். படமும், அதற்குக் கீழே "மலர்வு", "உதிர்வு" என்று இரண்டு திகதியும் வந்தவுடன் பக்கம் மரண அறிவித்தல் போல ஆகிவிடுகிறது. அச்சிலும் சிக்கல் உண்டு. கறுப்பு வெள்ளையில், சாதாரணத் தாளில் ஓடும் புத்தகத்தில் வட்ஸ்அப்பில் வந்த படத்தைப் போட்டால் முகம் கரிக்கட்டி போலத்தான் வரும். வீட்டார் கட்டாயம் படம் வேண்டும் என்றால் என்னுரைக்குள் 2 அங்குல அகலத்தில் போடுங்கள். அதற்கு மூலப்படத்தை ஸ்கேன் பண்ணி அகலம் குறைந்தது 600 பிக்சல் இருக்கும்படி எடுக்க வேண்டும், படத்தைக் கைபேசியால் படம் பிடித்து அனுப்பினால் சரிவராது.

பக்கம் எங்கே வரவேண்டும்? வலப்பக்கத்தில், அதாவது ஒற்றை எண்ணில். வழக்கமான ஒழுங்கில் 1 நூலின் பெயர் மட்டும், 2 வெற்று, 3 தலைப்புப் பக்கம், 4 பதிப்பு விபரமும் ஐ.எஸ்.பி.என். எண்ணும், 5 சமர்ப்பணம், 6 வெற்று, 7இல் அணிந்துரை தொடங்கும். இங்கேதான் அச்சகத்தோடு இழுபறி வரும். பெரிய தாளில் அடித்து மடிப்பதால் பக்கங்கள் 16, 16 ஆகவே கூடும். உங்கள் புத்தகம் 96இல் கச்சிதமாக முடிகிறது என்று வையுங்கள், சமர்ப்பணமும் அதன் முதுகுப்பக்கமும் சேர்ந்தால் 98, அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு தாள் அடிக்க வேண்டும். அதனால் சமர்ப்பணத்தைப் பதிப்பு விபரத்துக்கு அடியில், ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கும் அச்சகத்தின் பெயருக்கும் நடுவே செருகிவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். நூலின் பெயர் மட்டும் வரும் பக்கத்தையும் அதன் முதுகுப்பக்கத்தையும் விட்டுக்கொடுங்கள்: 1 தலைப்புப் பக்கம், 2 பதிப்பு விபரம், 3 சமர்ப்பணம், 4 வெற்று. சமர்ப்பணத்துக்குத் தேவைப்பட்ட அதே இரண்டு பக்கம் மிச்சமாகும், மொத்தம் 96இலேயே நிற்கும். எந்த ஒழுங்கானாலும் முதுகுப்பக்கம் வெற்றாக இருக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடாகத் தெரியும், ஐந்து வரி மட்டும் உள்ள பக்கத்தில் அது அசிங்கமாக இருக்கும்.

எழுத்து கதைகளுக்குப் போட்ட அதே எழுத்துருவில், அதே அளவில் இருக்கட்டும். பூச்சட்டம், குத்துவிளக்குப் படம் எதுவும் வேண்டாம். பக்க எண் அச்சாகக் கூடாது. வரிகள் பக்கத்தின் நட்டநடுவில் இல்லாமல் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில் தொடங்கினால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

ஒரு பொறி இருக்கிறது, நம் பக்கத்துப் புத்தகங்களில் அடிக்கடி காண்பது. நீங்கள் யூனிகோடில் அனுப்புவீர்கள், அச்சகத்தில் பாமினி எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். பாமினி என்பது ஆங்கில விசைகளுக்கு மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த எழுத்துரு, `jkpo;` என்று தட்டினால் "தமிழ்" என்று தெரியும். அதில் காற்புள்ளி விசை "இ" என்ற எழுத்துக்குரியது. மாற்றும்போது காற்புள்ளி தப்பி நின்றுவிட்டால் "கண்டதா, கேட்டதா" என்பது "கண்டதாஇ கேட்டதா" என்று வந்து நிற்கும். மேற்கோள் குறிகளும் இதே மாதிரிக் குழம்பலாம். உங்கள் ஐந்து வரியில் இரண்டும் இருக்கின்றன. கதைப் பக்கங்களை மூன்று தடவை புரூஃப் பார்ப்பவர்கள், கடைசி நேரத்தில் தட்டப்படும் இந்தப் பக்கத்தை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. அதனால் சமர்ப்பணத்தை முதல் புரூஃபிலேயே வைக்கச் சொல்லுங்கள், திரையில் பார்த்ததோடு விடாமல் தாளில் எடுத்துப் பாருங்கள்.

வீட்டாரிடம் கேட்க வேணுமா என்றால், சட்டம் ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை, ஆனால் போங்கள். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்க மேடைக்குக் கூப்பிடும்போதுதான் சேரின் மனைவி இந்தப் பக்கத்தைக் காண்பது நல்லதல்ல, சபைக்கு முன்னால் பிழை இருந்தாலும் அவரால் சொல்ல முடியாது. புரூஃப் தாளைப் புத்தக அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு ஒரு பின்னேரம் போய் அவர் கையில் கொடுங்கள். முதலெழுத்தைக் கேளுங்கள், "அமரர்" சரியா என்று கேளுங்கள், அந்தக் கேள்வியை அவர் வாசிக்கும் வரைக்கும் பேசாமல் இருங்கள். அச்சுக்குக் கொடுக்கிற நாளுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே போனால், அவர் ஏதாவது மாற்றச் சொன்னால் மாற்ற நேரம் இருக்கும்.