குடியிருக்கும் வீட்டையே வாங்கலாமா? அந்த 18 லட்சத்தையும் கணக்கில் வையுங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம், மாதம் 15,000. ஓனர் இப்போது இதே வீட்டை 60 லட்சத்துக்கு எங்களுக்கே தருவதாகச் சொல்கிறார். மனை 1,200 சதுர அடி, இந்தத் தெருவில் சதுர அடி 3,000 போகிறது. கட்டடம் கட்டி 18 வருடம் ஆகிறது. எங்களிடம் எஃப்.டி.யில் 18 லட்சம் இருக்கிறது, சீட்டு, ஆர்.டி. என்று மாதம் 30,000 கட்டுகிறோம். "வாடகை கொடுப்பது தண்டம், அந்தப் பணத்தை இ.எம்.ஐ.யாகக் கட்டினால் வீடாவது மிஞ்சும்" என்கிறார் மாமியார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. பொதுவாக வாடகைக்கு இருப்பது ஒரு வீடு, வாங்க நினைப்பது அதைவிடப் பெரிய இன்னொரு வீடு என்று இருக்கும், அப்போது இரண்டையும் ஒப்பிடவே முடியாது. உங்களுக்கு இரண்டும் ஒரே வீடு. அதே கூரை, அதே கிணறு, அதே பக்கத்து வீட்டுக்காரர்கள். மாறப்போவது பணம் போகும் வழி மட்டும்தான், அதனால் பத்து வருடம் கழித்து எந்த வழியில் கையில் அதிகம் இருக்கும் என்று நேராகவே பார்த்துவிடலாம்.

முதலில் வாங்கும் வழி. 60 லட்சத்துக்கு வங்கி 80 சதவீதம்தான் கடன் தரும், அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் உங்கள் கைப்பணம். தமிழ்நாட்டில் பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,40,000 ரூபாய். இதை வங்கி கடனில் சேர்க்காது. வக்கீல், பத்திர எழுத்தர், வங்கியின் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 60,000 வைத்தால் சரியாக 18 லட்சமும் காலி. 48 லட்சத்துக்கு 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் இ.எம்.ஐ. 41,655 ரூபாய். வீட்டு வரி, பெயின்ட், மோட்டார், மொட்டைமாடி ஒழுகல் இதெல்லாம் இனி உங்கள் செலவு. தானே புயலும் 2015 வெள்ளமும் பார்த்த ஊரில் 18 வருடக் கட்டடத்துக்கு மாதம் 4,000 என்பது அதிகமில்லை. மொத்தம் மாதம் 45,655. நீங்கள் இப்போது வாடகையும் சேமிப்புமாகச் சேர்த்து ஒதுக்குவதும் ஏறக்குறைய இதே தொகைதான், அதனால் கட்ட முடியுமா என்ற கவலை இங்கே இல்லை.

பத்து வருடத்தில் இ.எம்.ஐ.யாக மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் கட்டியிருப்பீர்கள். ஆனால் கடன் 14.4 லட்சம்தான் குறைந்திருக்கும், இன்னும் 33.6 லட்சம் பாக்கி. மீதி 35.6 லட்சம் வட்டியாகப் போயிருக்கும். இதே பத்து வருடத்துக்கு வாடகை, வருடம் 6 சதவீதம் ஏறினாலும், மொத்தம் 23.7 லட்சம்தான். வாடகை தண்டம் என்றால் வட்டியும் தண்டம்தான். மாமியாரிடம் இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், அவருக்குப் புரியாமல் போகாது.

அப்புறம், வாங்கிய வீட்டில் குடியிருந்தால் வட்டிக்கு வருமான வரியில் சலுகை உண்டே என்று யாராவது சொல்வார்கள். பழைய வரி முறையில் வருடம் 2 லட்சம் வரை உண்டு, புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது, வாடகைப்படிக் கழிவும் கிடையாது. நீங்கள் புதிய முறையில் இருப்பதாக வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இப்போது வாங்காமல் இருக்கும் வழி. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வாடகைக்கும் இ.எம்.ஐ.க்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட எண்ணிப் பார்ப்பார்கள், ஆனால் முதல் நாளே கையைவிட்டுப் போகும் அந்த 18 லட்சம் பத்து வருடம் சும்மா இருக்காது, வளர்ந்திருக்கும் என்பதை மறந்துவிடுவார்கள். அந்த வளர்ச்சியும் வீட்டின் விலையில் ஒரு பகுதிதான், பத்திரத்தில் எழுதப்படாத பகுதி. பி.பி.எஃப்., எஃப்.டி., கொஞ்சம் இண்டெக்ஸ் ஃபண்ட் என்று பிரித்துப் போட்டு, வரி போக வருடம் 8 சதவீதம் கிடைத்தால், 18 லட்சம் பத்து வருடத்தில் 38.9 லட்சம் ஆகும். இதுதவிர, முதல் வருடம் மாதம் 30,655 மிச்சம்; வாடகை ஏற ஏற மிச்சம் குறைந்து பத்தாவது வருடம் மாதம் 20,313. இதையும் மாதம் தவறாமல் அதே இடத்தில் போட்டால் 47.9 லட்சம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 87 லட்சம். கடன் ஏதும் இல்லை.

வாங்கியவர் இதே 87 லட்சத்தைத் தொட வேண்டும் என்றால், பாக்கிக் கடன் 33.6 லட்சத்தையும் சேர்த்து, வீடு 1.20 கோடிக்கு விலைபோக வேண்டும். அதாவது இன்றைய விலை பத்து வருடத்தில் இரட்டிப்பாக வேண்டும், வருடம் 7.2 சதவீதம். விற்கும்போது வரும் தரகும் வரியும் இதில் சேர்க்கவில்லை.

7.2 சதவீதம் கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி மனை விலை 36 லட்சம், அப்படியானால் கட்டடத்துக்கு 24 லட்சம் கேட்கிறார். விலை ஏறுவது மண்ணுக்குத்தான், கட்டடம் வருடா வருடம் தேய்கிறது. பத்து வருடம் கழித்து, 28 வருடமான கட்டடத்துக்கு 12 லட்சம் கிடைக்கும் என்று தாராளமாகவே வைப்போம். அப்போது 1.20 கோடி வர வேண்டுமானால் மனை மட்டும் 1.08 கோடி ஆக வேண்டும், மூன்று மடங்கு. வருடம் 11.6 சதவீதம், பத்து வருடமும் விடாமல். சதுர அடி 3,000 என்பது 9,000 ஆகுமா என்பதுதான் உண்மையான கேள்வி. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, அதனால் 60 லட்சத்துக்கு வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஆனால் இந்த முடிவு ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மிச்சமாகும் பணத்தை நீங்கள் நிஜமாகவே பத்து வருடமும் போட்டு வைப்பீர்களா? நான் பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தபோது இதே கணக்கைப் போட்டுத்தான் வீடு வாங்காமல் இருந்தேன். மூன்றாவது வருடம் ஒரு கல்யாணச் செலவு, அடுத்து ஒரு கார், அதோடு மாதத் தொகை நின்றுவிட்டது, கணக்கு காகிதத்திலேயே இருந்தது. இ.எம்.ஐ. கட்டுபவருக்கு நிறுத்தும் வசதி இல்லை, அதுவே அவருக்குப் பலம். மிச்சத்தில் பாதியை மட்டும் போட்டீர்கள் என்றால் 87 லட்சம் 63 லட்சமாகிவிடும். அப்போது வீடு வருடம் 4.9 சதவீதம் ஏறினாலே வாங்கியவர் சமமாகிவிடுவார். நீங்கள் ஏற்கெனவே மாதம் 30,000 கட்டிவருவதால்தான் துணிந்து வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று, பணம் எங்கே இருக்கிறது என்பது. முழுவதும் எஃப்.டி.யிலும் ஆர்.டி.யிலுமே இருந்தால், வட்டிக்கு வரி போக 5 சதவீதம்தான் நிற்கும் என்று வையுங்கள், பத்து வருடத்தில் 87 அல்ல, 70 லட்சம்தான். வீடு 1.04 கோடி ஆனாலே சமம். வாங்காமல் இருப்பதென்று முடிவு செய்தால் இந்த ஏற்பாட்டையும் மாற்ற வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஆளுக்கு வருடம் 1.5 லட்சம் வரை பி.பி.எஃப்.பில் போடலாம், அதன் வட்டிக்கு வரி இல்லை. பத்து வருடம் தொடத் தேவையில்லாத பணத்தில் ஒரு பங்கை இண்டெக்ஸ் ஃபண்டுக்குக் கொண்டுபோகலாம். ஆறு மாதச் செலவுக்கான தொகை மட்டும் எஃப்.டி.யில் இருக்கட்டும். வீடு வாங்கினால் அந்த ஆறு மாதப் பணம்கூட உங்களிடம் மிஞ்சாது என்பதையும் கவனியுங்கள்.

ஓனர் வேறு யாருக்காவது விற்றுவிட்டால் வீடு மாற வேண்டி வரும், அந்தப் பயம் நியாயமானது. அடுத்த வீடு 18,000 வாடகை என்று வைத்தாலும் வாங்கும் வீடு 1.13 கோடியைத் தொட வேண்டும், பெரிதாக மாறவில்லை. கணக்கை நிஜமாகவே மாற்றுவது வாங்கும் விலைதான். இதே வீட்டை 50 லட்சத்துக்குப் பேசி முடித்தால், 18 லட்சத்தையும் போட்டு மீதிக்குக் கடன் வாங்கினால், இ.எம்.ஐ. 32,200 அளவுக்கு இறங்கும். பத்து வருடத்தில் 96 லட்சம் ஆனால் போதும். இன்று குறையும் 10 லட்சம், பத்து வருடம் கழித்து வீடு தொட வேண்டிய விலையில் 24 லட்சத்தைக் குறைக்கிறது. 18 வருடக் கட்டடத்துக்கு 24 லட்சம் எப்படி என்று ஓனரிடம் நேராகவே கேளுங்கள். ஆறு வருடம் தகராறு இல்லாமல் வாடகை கொடுத்தவர்கள் நீங்கள், தரகர் செலவும் அவருக்கு இல்லை. 50-க்கு வந்தால், பத்து வருடத்துக்கும் மேலே அங்கேயே இருப்பது உறுதி என்றால், வாங்குங்கள் என்று நானே சொல்வேன். இருபதாவது வருடம் இ.எம்.ஐ. நின்றுவிடும், வாடகை நிற்காது.

பேசப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். tnreginet.gov.in தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கும் பக்கத்து மனைகளுக்கும் 2010 முதல் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், எந்த வருடம் என்ன விலைக்குக் கைமாறியது என்று அதில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: பழைய பத்திரங்களில் பலர் உண்மையான விலையைப் போடாமல் அரசு வழிகாட்டி மதிப்பைத்தான் போட்டிருப்பார்கள், அதோடு இன்றைய விலையை ஒப்பிட்டால் மனை பல மடங்கு ஏறியதுபோலத் தெரியும். வழிகாட்டி மதிப்பையும் நம்ப வேண்டாம், 2017-ல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023-ல் திரும்ப ஏற்றினார்கள், சந்தைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வங்கிக் கடனில் வாங்கிய மனைகளின் பத்திரங்களை மட்டும் தனியாகப் பாருங்கள், கடனுக்காக அவற்றில் உண்மை விலைக்குப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அதே வில்லங்கச் சான்றில் கிரயத்துக்கு அடுத்து வங்கியின் பெயரில் அடமானப் பதிவு இருந்தால் அது அந்த வகை. அப்படி மூன்று நான்கு கிடைத்தால் போதும், உங்கள் தெருவில் மனை உண்மையில் வருடம் எத்தனை சதவீதம் ஏறியது என்று தெரிந்துவிடும். அது 11-ஐ நெருங்கினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்.